சந்தைத் திடலில் கிளட்ச் பாடம்

முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த அப்பா தன் மகளை ஆக்ஸிலேட்டரைத் தொடவே விடவில்லை. வலது கால் பிரேக் மேலேயே இருக்கட்டும், வேலை எல்லாம் இடது காலுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு சிற்றூர். வாரத்தில் ஒருநாள் மட்டும் சந்தை கூடும் திடல், மற்ற நாள்களில் காலியாகக் கிடக்கும். ஞாயிறு காலை ஆறரை மணிக்கு ஆடு மாடுகூட வராது. அங்கேதான் வீட்டுப் பழைய மாருதி காரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். மகள் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. சனிக்கிழமை இரவு ஊருக்கு வந்துவிடுவாள்.

காலித்திடல்தானே, லைசென்ஸ் எதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அப்படி நினைக்கவில்லை. மக்கள் உரிமையோடு வந்துபோகும் எந்த இடமும் அதன் கணக்கில் பொது இடம்தான். சாலையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. எனவே இந்த வீட்டில் முதலில் எல்.எல்.ஆர். எடுத்தார்கள். காருக்கு அது 18 வயது ஆனவருக்குத்தான் கிடைக்கும். பழகுபவர் பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர், வண்டியை நிறுத்தக்கூடிய விதத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு ‘எல்’ இருக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைத் திடலில் ஓட்டவிட்டு ரசிக்கும் அப்பாக்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. 2019-இல் வந்த திருத்தத்தின்படி சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க இடமுண்டு.

‘வண்டியை நிறுத்தக்கூடிய விதத்தில்’ என்று விதி சொல்வது வீட்டுக் காரில் சுலபமில்லை. டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லித்தருபவர் காலடியிலும் பிரேக்கும் கிளட்சும் இருக்கும். வீட்டுக் காரில் அப்பா கைக்கு எட்டுவது நடுவில் இருக்கும் ஹேண்ட் பிரேக் ஒன்றுதான். அது பெரும்பாலான கார்களில் பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கும். வேகத்தில் வெடுக்கென்று இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டியின் பின்பக்கம் சறுக்கும். நுனியில் உள்ள பொத்தானை அமுக்கிப் பிடித்தபடி படிப்படியாக இழுக்க வேண்டும். அப்போதுதான் வேண்டியபோது விடவும் முடியும். மகளை உட்காரவைக்கும் முன் மனைவியை ஓட்டச் சொல்லி, மெதுவான வேகத்தில் ஹேண்ட் பிரேக்கால் மட்டும் வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று அவர் பார்த்துவைத்துக்கொண்டார். ஹேண்ட் பிரேக்குக்குப் பதில் பட்டன் மட்டும் உள்ள புதிய கார்களில் இந்த வசதி கிடையாது. அப்படிப்பட்ட காரில் பழக்குவதைவிட டிரைவிங் ஸ்கூல் காரே மேல்.

இனி அந்த இடது காலுக்கு வருவோம்.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், சக்கரம் நின்றுகொண்டிருக்கும். சுற்றும் ஒன்றையும் நிற்கும் ஒன்றையும் அதிராமல் சேர்த்துவைப்பதுதான் கிளட்சின் வேலை. எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரம் ஒன்று. கியர் பெட்டியோடு சேர்ந்த உராய்வுத் தட்டு ஒன்று. பெடலை மிதித்தால் இரண்டும் பிரியும். காலை எடுக்கும்போது ஸ்பிரிங் அந்தத் தட்டை அழுத்தும்; முதலில் வழுக்கும், பிறகு பற்றும். பெடலின் மொத்த அசைவில் இந்தப் பற்றும் இடம் விரற்கடை அளவுதான். அதற்கு மேலும் கீழும் கால் எவ்வளவு வேகமாகப் போனாலும் பாதகமில்லை. அந்த விரற்கடையில் மட்டும் நிதானம் வேண்டும். புதிதாகப் பழகுபவர் செய்வது நேர்தலைகீழ்: மேலே வரும்வரை பயந்து பயந்து தூக்கிவிட்டு, பற்றத் தொடங்கிய நொடியில் காலை எடுத்துவிடுகிறார். வண்டி ஒரு குதி குதித்து ஆஃப் ஆகிவிடுகிறது.

அப்பா சொன்ன பயிற்சி எளிமையானது. சமதரையில் முதல் கியர். ஆக்ஸிலேட்டர் வேண்டாம். பிரேக்கிலிருந்து காலை எடுத்து அதன் மேலேயே காற்றில் வைத்துக்கொண்டு, கிளட்சை மெல்ல விடு. எஞ்சின் சத்தம் லேசாகக் கம்மும். ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம் வரும். அந்த இடத்தில் காலை அப்படியே வை. வண்டி நகரத் தொடங்கிய பிறகு மிச்சத்தை விடு. வண்டி ஐந்தாறு கிலோமீட்டர் வேகத்தில், வேகநடை போடும் ஆள் அளவுக்குத் தானாக ஊரும். திரும்பக் கிளட்சை மிதி, பிரேக் பிடி, நில். மறுபடி.

அவர் பழகியது கார்புரேட்டர் வைத்த பழைய காரில். அதில் ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல் கிளட்சை விட்டால் எஞ்சின் நின்றுவிடும் என்பதால், இரண்டு காலையும் ஒரே நேரத்தில் ஓட்டும் வித்தையை முதல்நாளே கற்க வேண்டியிருந்தது. இன்றைய எஞ்சினில் வேகம் குறையத் தொடங்கியதும் கணினி தானே கொஞ்சம் காற்றும் பெட்ரோலும் கூட்டிக் கொடுத்துச் சமாளிக்கும். தான் கற்ற முறையை ஒதுக்கிவைத்துவிட்டு, மகளுக்கு ஒரு நேரத்தில் ஒரு காலைப் பழக்கினால் போதும் என்று அவர் முடிவெடுத்தது, இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். பொறுமை என்று நாம் சொல்வதில் பாதி இதுதான்: எதை இன்றைக்குச் சொல்லித்தர வேண்டாம் என்று தெரிந்திருப்பது.

வண்டி ஆஃப் ஆனபோதெல்லாம் அவர் கேட்டது ஒரே கேள்வி.

“சத்தம் மாறுச்சா கண்ணு?”

“மாறுச்சுங்ப்பா. அதுக்குள்ள கால் வந்திருச்சு.”

“அது போதும். சத்தம் கேட்டுச்சுன்னா கால் தானா நிக்கும். சாவியப் போடு.”

ஓடும் வண்டியில் அவர் வாயைத் திறப்பதே அரிது. செய்ய வேண்டியதை வண்டி நிற்கும்போது சொல்வார். ஓடும்போது ‘நிறுத்து’ என்ற ஒரு சொல் மட்டும். அதைக் கேட்டால் காரணம் கேட்காமல் பிரேக் பிடிக்க வேண்டும் என்று முதலிலேயே பேசிவைத்துக்கொண்டார்கள். நம் வீடுகளில் பக்கத்து சீட்டில் இருப்பவர் ‘பாத்து, பாத்து’ என்று கத்துவதுதான் வழக்கம். எதைப் பார்ப்பது, எந்தக் காலை அசைப்பது என்று ஓட்டுபவருக்கு அதில் எதுவும் விளங்காது. பதற்றத்தில் கால் தவறான பெடலுக்குப் போகத்தான் அது உதவும்.

அடுத்த வாரங்களில் இரண்டாம் கியர், திருப்பம், ரிவர்ஸ் என்று பாடம் நகர்ந்தது. பிரேக்கில் மட்டும் அப்பா சற்றுத் தங்கினார். மகளுக்கு, நம்மில் பலரைப் போலவே, பிரேக்கையும் கிளட்சையும் சேர்த்து மிதிக்கும் பழக்கம் வந்திருந்தது. கிளட்சை மிதித்த கணத்தில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. எஞ்சின் இழுத்துப் பிடிக்கும் உதவி போய்விடுகிறது. பிரேக் முதலில், வண்டி நிற்கப்போகிற கடைசி நேரத்தில் கிளட்ச் என்று மாற்ற வேண்டியிருந்தது. இதற்கு ஒரு செங்கல்லை வைத்துக்கொண்டார்கள். மணிக்கு 20 கிலோமீட்டரில் வந்து, கல்லைத் தாண்டும்போது அப்பா ‘நிறுத்து’ என்பார். அந்த வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு ஐந்தரை மீட்டர் ஓடுகிறது. சொல் காதில் விழுந்து கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே ஒரு காரின் நீளத்துக்கு மேல் போயிருக்கும். இறங்கி நடந்து அந்தத் தூரத்தை மகளே பார்த்தாள். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும் என்பதை அப்பா அங்கே நின்றபடிதான் சொன்னார். 40-இல் ஓட்டிக் காட்டவில்லை. சரளைத் தரையில் டயர் வழுக்கும் என்பதால் திடல் அதற்கு ஏற்ற இடமுமில்லை.

கடைசிப் பாடத்தைத் திடலே கொடுத்தது. சந்தைத் திடல் தாழ்வு; ஊர்ச்சாலை மேடு. லாரிகள் ஏறி இறங்கிப் போட்ட சரிவு ஒன்று இரண்டையும் சேர்க்கிறது. சரிவின் பாதியில் நின்று, பின்னால் உருளாமல் கிளம்பத் தெரியாதவர் சாலைக்குப் போக முடியாது. லைசென்ஸ் தேர்வு பற்றிய மத்திய விதிகளும் இதைத் தனியே கேட்கின்றன: செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, பின்னோக்கி உருளவிடாமல் மறுபடி எடுக்க வேண்டும்.

இங்கே முதல்முறையாக இரண்டு கால்களும் ஒரு கையும் சேர்ந்து வேலை செய்தாக வேண்டும். ஹேண்ட் பிரேக் முழுக்க இழுத்திருக்கிறது. கிளட்ச் மிதித்து முதல் கியர். எஞ்சின் சத்தம் கொஞ்சம் உயரும் அளவுக்கு ஆக்ஸிலேட்டர்; அதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். கிளட்சை விடவிட, சத்தம் கம்மும். வண்டியின் முன்பக்கம் லேசாக எழும்பப் பார்க்கும். கயிற்றில் கட்டிய காளை முன்னால் போக முட்டுவதுபோல் இருக்கும். இடது காலை அங்கேயே நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இறக்க வேண்டும். சரியான இடத்தில் கால் இருந்தால், பிரேக்கை இறக்கிய பிறகும் வண்டி அசையாது நிற்கும். பின்னால் உருண்டால் கிளட்ச் போதுமான அளவு பற்றவில்லை என்று அர்த்தம். உடனே கால் பிரேக். ஆஃப் ஆனால் கிளட்சை அதிகம் விட்டுவிட்டாள், அல்லது ஆக்ஸிலேட்டர் போதவில்லை.

மகள் முதலில் ஹேண்ட் பிரேக்கைச் சீக்கிரமே இறக்கினாள். வண்டி ஒரு முழம் பின்னால் போனது. அப்பா கை லீவர் மேலேயே இருந்ததால் இழுத்துவிட்டார். அடுத்து, பயத்தில் எஞ்சினை அலறவிட்டு ஹாஃப் கிளட்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடித்தாள். சற்று நேரத்தில் ஏதோ கருகும் நாற்றம். தட்டு வழுக்கி வழுக்கிச் சூடேறும் வாசனை அது. அது வந்துவிட்டால் பாடத்தை நிறுத்தி வண்டியை ஆறவிட வேண்டும். தொடர்ந்தால் தட்டு தேய்ந்து, மாற்றும் செலவு ஆயிரக்கணக்கில் வரும். இருவரும் இறங்கி, மரத்தடியில் பிளாஸ்க் காபியைக் குடித்து முடிக்கும்வரை காரைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு அப்பா ஹேண்ட் பிரேக்கைத் தானே வைத்துக்கொண்டார். “நீ காலை மட்டும் பாரு. மூஞ்சி தூக்குச்சுன்னா ‘இப்ப’ன்னு சொல்லு, நான் இறக்கறேன்.” அவள் சொல்ல, அவர் இறக்க, வண்டி நின்றது. பலமுறை அப்படிச் செய்த பின்தான் லீவர் அவள் கைக்குப் போனது. சரிவில் தானே சில நொடி பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும் வசதி பல புதிய கார்களில் இருக்கிறது. ஆனால் தேர்வுக்கும் வேலைக்கும் எந்தக் கார் கிடைக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். அதைப் பெற்று 30 நாள் கழிந்த பிறகே தேர்வுக்குப் போகலாம். அந்த வீட்டில் முதல் முப்பது நாளுக்குள் தேதி வாங்க யாரும் அவசரப்படவில்லை. சரிவில் தொடர்ந்து உருளாமல் கிளம்புகிறாள், கியர் மாற்றும்போது கண் கீழே போவதில்லை என்ற இரண்டையும் பார்த்த பிறகுதான் அப்பா சாலைக்குச் சம்மதித்தார். அதுவும் இடதுபக்கம் மட்டும். நம் சாலையில் இடதுபுறம் திரும்பினால் எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கிட வேண்டியதில்லை. நான்கு இடது திருப்பத்தில் ஊரைச் சுற்றித் திடலுக்கே திரும்பும் பாதை ஒன்றை அவர் முந்தின நாளே தன் பைக்கில் போய்ப் பார்த்துவைத்திருந்தார். வலது திருப்பத்தை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள்.