பன்னிரண்டு படங்களின் வித்தியாசம்

நீரிழிவு நோயாளிகளின் விழித்திரையைப் படமெடுத்து, அவர்களில் யாரைக் கண் மருத்துவரிடம் உடனே அனுப்ப வேண்டும் என்று தரம்பிரிக்கும் மென்பொருள்கள் இப்போது பல மருத்துவமனைகளில் பயன்பாட்டுக்கு வந்துவிட்டன. அவ்வாறான மருத்துவமனை ஒன்றின் கொள்முதல் குழுக் கூட்டத்துக்குச் சென்ற ஆண்டு, புள்ளியியல் ஆசிரியர் என்ற முறையில் நானும் அழைக்கப்பட்டிருந்தேன். பயன்பாட்டில் இருந்த மென்பொருளை மாற்றிவிட்டுப் புதியதொன்றை வாங்கலாமா என்பதே அன்றைய விவாதப் பொருள்.

கண் மருத்துவர்கள் முன்கூட்டியே பார்த்து முடிவு எழுதிவைத்த 1,000 படங்களைக் கொண்டு இரண்டு மென்பொருள்களையும் சோதித்திருந்தார்கள். பழையது 912 படங்களுக்குச் சரியான விடை சொன்னது. புதியது 924 படங்களுக்கு. அதாவது 91.2 விழுக்காட்டுக்கு எதிராக 92.4 விழுக்காடு. புதியதே மேல் என்று ஏறத்தாழ முடிவாகிவிட்டது. அதை வாங்கும் செலவில் கிராம முகாம்களுக்கு மேலும் இரண்டு விழித்திரைக் கேமராக்கள் வாங்கலாம் என்பதை ஒருவர் நினைவூட்டினார். 'பன்னிரண்டு படம் என்றால் பன்னிரண்டு கண் அல்லவா, ஐயா?' என்று இளம் மருத்துவர் ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால், வேறு 1,000 படங்களை எடுத்துச் சோதித்திருந்தால் அந்தப் பன்னிரண்டு அப்படியே இருந்திருக்குமா, அல்லது பழையதற்குச் சாதகமாகத் திரும்பியிருக்குமா என்பது அதற்கும் முந்தைய கேள்வி.

அதற்கு விடை காண இரண்டு மதிப்பெண்கள் மட்டும் போதா. இரண்டு மென்பொருள்களும் ஒவ்வொரு படத்துக்கும் சொன்ன விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நல்லவேளையாக அந்தப் பட்டியல் அவர்களிடம் இருந்தது. பல இடங்களில் மொத்த மதிப்பெண்ணைக் குறித்துக்கொண்டு படவாரியான விடைகளை அழித்துவிடுகிறார்கள். விடைத்தாளை எறிந்துவிட்டு மதிப்பெண்ணை மட்டும் வைத்துக்கொள்வதைப் போன்றது அது.

பட்டியலை நான்கு பங்காகப் பிரித்தோம். இரண்டுமே சரியாகச் சொன்னவை 872 படங்கள். இரண்டுமே தவறியவை 36. இந்த 908 படங்களும் எது சிறந்தது என்பதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. எஞ்சிய 92 படங்களில்தான் இரண்டும் மாறுபட்டன. அவற்றில் 52 படங்களில் புதியது சரி, பழையது தவறு. 40 படங்களில் பழையது சரி, புதியது தவறு. கூட்டத்தில் பேசப்பட்ட பன்னிரண்டு என்பது இந்த இரண்டு எண்களின் கழித்தல் மட்டுமே.

இப்போது ஒரு கற்பனை செய்துகொள்வோம். உண்மையில் இரண்டு மென்பொருள்களுக்கும் திறனில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், அவை மாறுபடும் ஒவ்வொரு படத்திலும் எது சரியாக இருக்கும் என்பது நாணயத்தைச் சுண்டுவதைப் போன்றதுதான். 92 முறை சுண்டினால் சராசரியாக 46 முறை தலை விழ வேண்டும். ஆனால், சரியாக 46 விழுவது அரிது. நாலைந்து கூடியோ குறைந்தோ விழுவது மிக இயல்பு. ஏதேனும் ஒரு பக்கம் 52 அல்லது அதற்கு மேல் விழுவதற்கான நிகழ்தகவைக் கணக்கிட்டால், நூற்றுக்கு ஏறத்தாழ 25 வருகிறது. சம திறன் கொண்ட இரண்டு மென்பொருள்களை இப்படிச் சோதித்தாலும், நான்கு சோதனைகளில் ஒன்றில் இந்த அளவு இடைவெளி தற்செயலாகவே தென்படும். கேமராக்களைக் கைவிடுவதற்கு அது வலுவான காரணம் அன்று.

இந்தச் சோதனைக்கு மெக்நீமர் சோதனை என்று பெயர். அமெரிக்க உளவியல் அறிஞர் குவின் மெக்நீமர் 1947-இல் இதை வெளியிட்டார். ஒரே மனிதர்களிடம் இரண்டு முறை கேட்டுப் பெற்ற ஆம், இல்லை என்ற விடைகளை ஒப்பிடுவதற்கு உருவான முறை இது. கணினி மாதிரிகளை ஒப்பிடும் ஐந்து முறைகளைத் தாமஸ் டீட்டரிச் 1998-இல் ஆராய்ந்தபோது, ஒரே ஒரு முறை மட்டுமே பயிற்றுவிக்க முடிகிற மாதிரிகளுக்கு இதையே பரிந்துரைத்தார். பழைய சரக்குதான், கணக்குப் போட ஒரு தாளும் பென்சிலும் போதும்.

இதன் நுட்பம் புரிய வேண்டுமானால் அதே மதிப்பெண்களோடு வேறொரு நிலையைப் பார்க்க வேண்டும். பழையது 912, புதியது 924 என்பதில் மாற்றமில்லை. ஆனால், இரண்டும் மாறுபட்டவை 16 படங்கள் மட்டுமே. அவற்றில் 14 புதியதற்கு, 2 பழையதற்கு என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி அதே பன்னிரண்டுதான். ஆனால், 16 முறை நாணயம் சுண்டி ஒரு பக்கமே 14 அல்லது அதற்கு மேல் விழுவது ஆயிரத்துக்கு நான்கு முறைதான் நடக்கும். இங்கே புதியது மேல் என்று துணிந்து சொல்லலாம். ஒரே மதிப்பெண்கள், ஒன்றில் ஐயம், மற்றொன்றில் தெளிவு. மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இவ்விரண்டும் ஒன்றாகவே தெரியும்.

விவரம் அறிந்தவர்களும் இங்கே தவறுவதுண்டு. இரண்டு மதிப்பெண்களுக்கும் தனித்தனியே பிழை வரம்பு கணக்கிட்டு, வரம்புகள் ஒன்றோடொன்று மேற்படிகின்றன, ஆகவே வேறுபாடு இல்லை என்று முடித்துவிடுவார்கள். இரண்டும் எழுதியது ஒரே வினாத்தாள் என்பதை அந்தக் கணக்கு மறந்துவிடுகிறது. இரண்டாவது நிலையில் அப்படிச் செய்திருந்தால், தெளிவாகத் தெரிந்த மேன்மையையே இல்லையென்று தள்ளியிருப்போம்.

மீண்டும் மருத்துவமனைக்கு வருவோம். என் கணக்கைக் கேட்டதும் குழுத் தலைவர், 'அப்படியானால் இரண்டும் சமம் என்று எழுதிவிடலாமா?' என்றார். கூடாது என்றேன். தற்செயலாக இருக்கக்கூடும் என்பது வேறு. சமம் என்பது வேறு. அந்த 92 மாறுபாடுகளிலிருந்து 95 விழுக்காடு நம்பக இடைவெளியைக் கணக்கிட்டால், 1,000 படங்களுக்குப் புதியது 7 படங்கள் பின்தங்கியும் இருக்கலாம், 31 படங்கள் முந்தியும் இருக்கலாம் என்று வருகிறது. முப்பத்தொன்று சிறிய எண் அன்று. சோதனை மிகச் சிறியது, அதனால் விடை கிடைக்கவில்லை என்பதே சரியான வாசகம்.

இதற்கிடையில் நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய ஒன்றைத் தாமதமாகக் கேட்டேன். 1,000 படங்களும் எத்தனை பேருடையவை? 500 பேருடையவை என்றார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு கண்கள். ஒருவருக்குக் கண்புரை இருந்து ஒரு படம் மங்கலாக இருந்தால், மற்றதும் மங்கலாகவே இருக்கக்கூடும். ஒரு கண்ணில் தடுமாறும் மென்பொருள் மறு கண்ணிலும் தடுமாறும். ஆகவே 92 மாறுபாடுகளை 92 தனித்தனி நாணயங்களாக எண்ணியது என் பிழை.

ஆள்வாரியாகப் பிரித்தபோது அந்த 92 படங்களும் 61 பேருடையவை என்று தெரிந்தது. அவர்களில் 31 பேருக்கு இரண்டு கண்களும் மாறுபட்டிருந்தன; அந்த 31 பேரிலும் இரண்டு கண்களும் ஒரே பக்கமே சாய்ந்திருந்தன. அதன் பிறகு படத்தை விட்டுவிட்டு ஆளை அலகாகக் கொண்டோம். 500 பேரின் பட்டியலிலிருந்து கணினி கண்ணை மூடிக்கொண்டு 500 பெயர்களை எடுக்கும். எடுத்த பெயரைத் திரும்பப் போட்டுவிட்டே அடுத்ததை எடுக்கும். இப்படிப் பல்லாயிரம் முறை செய்து, ஒவ்வொரு முறையும் இடைவெளி எவ்வளவு என்று குறித்துக்கொள்ளும். இதைப் பூட்ஸ்ட்ராப் முறை என்பார்கள். இப்போது இடைவெளியின் வரம்பு, 12 படங்கள் பின்தங்குவதிலிருந்து 36 படங்கள் முந்துவது வரை விரிந்துவிட்டது. முதலில் தெரிந்ததைவிட நம் அறியாமை பெரியது என்பதே இதன் பொருள். நோயாளிகளின் படங்கள் மட்டுமல்ல, ஒரே நாளிதழிலிருந்து எடுத்த வாக்கியங்கள், ஒரே வயலில் எடுத்த இலைப் படங்கள் என எல்லாவற்றிலும் இந்தப் பொறி உண்டு.

'சரி' என்ற சொல்லுக்குள்ளும் இரண்டு பொருள்கள் இருந்தன. நோயுள்ளவரைக் கண்டுபிடிப்பது ஒன்று. நோயில்லாதவரை வீணாக அலைக்கழிக்காதிருப்பது மற்றொன்று. நோயுள்ள கண்களில் இரண்டும் மாறுபட்டவை 20 படங்கள்தாம். அவற்றில் 11-ஐப் பழையது பிடித்தது, 9-ஐப் புதியது பிடித்தது. புதியது ஈட்டிய முன்னிலை முழுவதும் நோயில்லாத கண்களிலிருந்து வந்திருந்தது. 11-க்கு 9 என்பதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது. ஆனால், பன்னிரண்டு பேரின் பார்வை காப்பாற்றப்படும் என்று அந்த அறையில் இருந்த பலர் நினைத்துக்கொண்டிருந்தது இந்த எண்களில் இல்லை என்பது மட்டும் தெளிவானது.

அப்படியானால் எத்தனை பேரைச் சோதித்தால் விடை கிடைக்கும்? மாறுபாடு இதே அளவில், அதாவது நூற்றுக்கு 9 என்ற விகிதத்தில் இருந்து, உண்மையான இடைவெளியும் 1.2 விழுக்காடே என்றால், ஒருவருக்கு ஒரு கண் வீதம் ஏறத்தாழ 5,000 பேர் தேவை. அப்போதும் உள்ள வேறுபாட்டைக் கண்டறியும் வாய்ப்பு நூற்றுக்கு 80 தான். எண்ணைக் கேட்டதும் அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. ஆனால், முகாம்களில் எடுக்கப்படும் படங்களை இரண்டு மென்பொருள்களுக்கும் கொடுத்து விடைகளைச் சேமித்துவைப்பதில் பெரிய செலவில்லை. இரண்டும் மாறுபடும் படங்களை மட்டும், எது எந்த விடையைச் சொன்னது என்று தெரிவிக்காமல் மருத்துவர்களிடம் கொடுத்தால் போதும். இரண்டும் ஒத்துப்போகும் படங்கள் ஒப்பீட்டுக்குத் தேவையில்லை. 5,000 படங்களில் மருத்துவர் பார்க்க வேண்டியவை ஏறத்தாழ 460 மட்டுமே.

குழு அதற்கு இசைந்தது. புதிய மென்பொருளை விற்கும் நிறுவனமும் சோதனைக் காலத்துக்குக் கட்டணமின்றித் தர ஒப்புக்கொண்டது. இந்தப் படங்களைப் பார்த்து மென்பொருளைத் திருத்தக் கூடாது என்பது நாங்கள் விதித்த நிபந்தனை. ஒரே படங்களில் பல பதிப்புகளைச் சோதித்து, அவற்றுள் சிறந்ததைப் பொறுக்கியெடுத்தால், அந்தப் படங்களில் அதிர்ஷ்டம் செய்த பதிப்பே முன்னால் வரும். பிறகு மெக்நீமர் சோதனையும் ஏமாந்துபோகும்.

கேமராக்கள் வாங்கியாகிவிட்டது. சோதனையில் இதுவரை 3,000 பேரைத் தாண்டியிருக்கிறார்கள். முன்பு என்னிடம் கேள்வி கேட்ட அந்த இளம் மருத்துவர் போன வாரம் தொலைபேசியில் அழைத்து, 'இப்போது எது முன்னால் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடலாமா, ஐயா?' என்றார். இடையிடையே எட்டிப்பார்த்து, சாதகமாகத் தெரியும் நாளில் நிறுத்திக்கொண்டால், சம திறன் உள்ள இரண்டிலும்கூட ஒன்று என்றாவது ஒருநாள் வென்றதாகத் தெரிந்துவிடும். 5,000 வரை திறப்பதில்லை என்று முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறோம். எனக்கும் ஆவல்தான். இன்னும் ஏழெட்டு மாதங்கள் ஆகும் என்று அவரிடம் சொன்னேன்.