கருத்துப் பகுதியின் படத்தை எழுத்தாக்குவது எப்படி?

யூடியூப் காணொளி ஒன்றின் கீழே உள்ள கருத்துகளைத் திரைப்பிடிப்பு எடுத்து, அதைத் தட்டச்சில் பெயர்ப்பது எளிய வேலையாகத்தான் தோன்றும். சொற்களைப் பெயர்ப்பதில் பெரிய சிரமம் இல்லை. ஆனால் யார் யாருக்குப் பதில் சொன்னார் என்பது சொற்களில் இல்லை. இடது ஓரத்தில் விடப்பட்ட வெற்றிடத்தில் இருக்கிறது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் அந்த வெற்றிடத்தை விட்டுவிடுகின்றன. விளைவாக, ஒருவருக்குச் சொன்ன வசவு இன்னொருவருக்குச் சொன்னதாக மாறிப்போகிறது.

எனவே முதலில் பார்க்க வேண்டியது இடது ஓரம். ஒவ்வொரு கருத்தின் தொடக்கத்திலும் வட்டமான முகப்படம் இருக்கும். அதன் இடது விளிம்பு எங்கே தொடங்குகிறது என்பதே படிநிலை. ஒரே நேர்கோட்டில் தொடங்குபவை ஒரே நிலை. ஒரு பதிலின் தாய்க்கருத்து, அதற்கு மேலே அதைவிட இடப்புறம் தள்ளித் தொடங்கும் மிக அருகிலுள்ள கருத்து. பெயர்ப்பில் ஒரு நிலைக்கு நான்கு இடைவெளி என்று வைத்துக்கொண்டால் போதும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்கள் வெற்றிடத்தை வழக்கமாக வாசிப்பதில்லை. அவர்களுக்கான பெயர்ப்பில் ‘நிலை 2’ என்று எழுதியே காட்ட வேண்டும்.

கைப்பேசித் திரை குறுகலானது. அதனால் பதிலுக்குப் பதில், அதற்கொரு பதில் என்று போனாலும் பல தளங்களில் உள்தள்ளல் ஓரளவோடு நின்றுவிடும். அங்கே கருத்தின் தொடக்கத்தில் வரும் @ பெயர்தான் துப்பு. அதற்காக, படத்தில் இல்லாத மூன்றாம் நிலையைப் பெயர்ப்பவர் தாமாக உருவாக்கக் கூடாது. படத்தில் உள்ள தள்ளலையும் @ பெயரையும் அப்படியே வைத்தாலே வாசிப்பவருக்கு விளங்கிவிடும்.

மாடித்தோட்டக் காணொளி ஒன்றின் கீழே இப்படியொரு உரையாடல் இருப்பதாகக் கொள்வோம். சதுர அடைப்புக்குள் உள்ளவை பெயர்ப்பவரின் குறிப்புகள்.

```
@maadi_chedi · 2 வாரங்களுக்கு முன் (திருத்தப்பட்டது)
தக்காளி இல சுருண்டுகிட்டே போகுது. உரம் போட்டும்… மேலும் படிக்க
[விருப்பம்: 1.2ஆ]
    @vivasayi_l0 · 1 வாரம் முன்
    வேப்பெண்ண கலந்து அடிங்க
    [விருப்பம்: 48]
    @pudhu_thottam · 6 நாட்களுக்கு முன்
    @vivasayi_l0 எத்தன நாளைக்கு ஒருவாட்டி...
    [விருப்பம்: எண் இல்லை]
```

இதில் ‘1.2ஆ’ என்பது ஏறத்தாழ 1,200. அதை 1,200 என்று விரித்து எழுதினால், படம் சொல்லாத துல்லியம் வந்து சேர்ந்துவிடும். கடைசிக் கருத்தில் கட்டைவிரல் குறிக்கு அருகே எண்ணே இல்லை. அதை 0 என்று எழுதுவதும் தவறு. ‘2 வாரங்களுக்கு முன்’ என்பதைத் தேதியாக மாற்றவும் கூடாது. ‘இல’, ‘வேப்பெண்ண’ போன்ற பேச்சு வடிவங்களும் பிழைகளும் எழுதியவருடையவை. அவற்றைத் திருத்தும் உரிமை பெயர்ப்பவருக்கு இல்லை.

பயனர் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் ஆளே மாறிவிடுவார். சிறிய l, பெரிய I, எண் 1 மூன்றும் திரையில் ஒன்றுபோலவே தெரியலாம். படத்தைப் பெரிதாக்கி, அதே எழுத்துருவில் ஐயமில்லாத இன்னொரு l-உடன் உயரத்தை ஒப்பிட வேண்டும். அப்போதும் தெளியாவிட்டால் `[l அல்லது I]` என்று குறிப்பதே நேர்மை.

துண்டிப்பு இரண்டு வகை. ‘… மேலும் படிக்க’ என்பது தளம் மடித்து வைத்தது. படத்தின் விளிம்பில் பாதி வெட்டுப்பட்ட வரி வேறு. அதற்கு `[படம் இங்கே முடிகிறது]` என்ற குறிப்பு வேண்டும். மேலே உள்ள கடைசிக் கருத்தின் மூன்று புள்ளிகள் இரண்டிலும் சேராது. அருகே ‘மேலும் படிக்க’ இல்லாததால், அவை எழுதியவர் தாமே வைத்தவை என்று கொள்ளலாம். திரை அகலத்துக்காக மடிந்த வரியை மட்டும் சேர்த்து எழுதலாம், அங்கே எதுவும் தொலைவதில்லை.

தமிழில் வெட்டுப்பட்ட வரி கூடுதல் கவனம் கேட்கும். மேற்பாதி போனால் புள்ளியும் இகரக் கொக்கியும் மறைந்து ம, ம், மி மூன்றும் ஒன்றாகும். கீழ்ப்பாதி போனால் ‘டு’வின் அடிக்கோடு மறைந்து ‘ட’ போலத் தெரியலாம். ‘விடு’ என்பதா, ‘விட’ என்பதா என்று ஊகிக்காமல், தெரிந்த எழுத்துகளை மட்டும் எழுதி `[தெளிவில்லை]` என்று விட வேண்டும். அதேபோல் படத்தின் முதல் கருத்தே உள்தள்ளித் தொடங்கினால், அது படத்துக்கு வெளியே உள்ள யாருக்கோ சொன்ன பதில். அதை இடது ஓரத்துக்கு இழுத்துவிட்டால் தனிக்கருத்தாகிவிடும்.

முடித்தபின் படத்திலுள்ள முகப்படங்களையும் பெயர்ப்பில் கருத்துகளின் தலைப்பாக உள்ள பயனர் பெயர்களையும் எண்ணிப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், ஏதோ ஒரு பதில் அதன் மேலுள்ள கருத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம்.