ஆடித் திருவிழா, எழுத்துத் தேர்வு, காய்ச்சல்... ஓட்டப் பயிற்சி நின்றால் எல்லாம் போச்சா? எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது?

சேலம், நாமக்கல் மைதானங்களில் விடியற்காலையில் ஓடும் இளைஞர்களில் பலருக்கு ஒரே இலக்குதான்: இரண்டாம் நிலைக் காவலர் பணி. அதற்கான உடல்திறன் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும்.

ஆனால் நடுவில் ஆடி வந்துவிடும். ஊரில் மாரியம்மன் பண்டிகை, மேட்டூரில் ஆடிப்பெருக்கு, கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா. அப்புறம் எழுத்துத் தேர்வு. போதாக்குறைக்கு ஒரு காய்ச்சல். "நாலு மாசம் ஓடினது எல்லாம் வீணாப் போச்சே" என்று பலர் அத்தோடு விட்டுவிடுவார்கள். உண்மையில் அவ்வளவு சீக்கிரம் வீணாகாது.

சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை நினைத்துப் பாருங்கள். 2021 ஆகஸ்ட் 24-ம் தேதி டோக்கியோ பாராலிம்பிக் தொடக்க விழாவில் தேசியக் கொடி ஏந்த வேண்டியவர் அவர். விமானத்தில் கொரோனா தொற்று இருந்தவருக்கு அருகில் பயணித்ததால் தனிமைப்படுத்தப்பட்டார். கொடியை டேக் சந்த் ஏந்தினார். சரியாக ஒரு வாரத்தில், ஆகஸ்ட் 31-ல், 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி வென்றார் மாரியப்பன்.

எத்தனை நாளில் திறன் குறையும்?

பயிற்சியை அடியோடு நிறுத்தினால் முதலில் குறைவது உடலில் ஓடும் ரத்தத்தின் அளவு. இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தமும் குறைவதால் சீக்கிரம் மூச்சு வாங்கும். நன்கு பயிற்சி பெற்றவர்கள் முழுசாக நிறுத்தியபோது, ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் சுமார் 3 வாரத்தில் 7 சதவீதம் குறைந்ததாக 1984-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அதனால் மூணு, நாலு நாள் திருவிழாவுக்குப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. வாரக்கணக்கில் நீளும் இடைவெளிக்குத்தான் திட்டம் வேண்டும்.

எதைக் குறைக்கலாம்?

1980-களில் ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத்தான் சோதித்தார். வாரம் 6 நாள், தினமும் 40 நிமிடம் என 10 வாரம் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களை, அடுத்த 15 வாரத்துக்குக் குறைக்கச் சொன்னார். 2 நாளாகக் குறைத்தவர்களுக்கும், 13 நிமிடமாகக் குறைத்தவர்களுக்கும் ஆக்சிஜன் திறன் அப்படியே நின்றது. நாளையும் நேரத்தையும் மாற்றாமல் வேகத்தை மட்டும் குறைத்தவர்களுக்குத்தான் திறன் இறங்கியது.

ஆக, நாளைக் குறைக்கலாம், நேரத்தைக் குறைக்கலாம், வேகத்தைக் குறைக்கக் கூடாது. பலர் செய்வது இதற்கு நேர் எதிர். தேர்வு நெருங்கும்போது தினமும் மெதுவாக அரை மணி நேரம் ஓடிவிட்டு, "விடாமல் ஓடுறேன்" என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

தேர்வு மாதத்தில் எப்படி ஓடுவது?

1,500 மீட்டரை 6 நிமிடம் 15 விநாடியில் ஓடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு அவருக்கு 100 விநாடி ஆகிறது. வழக்கமாக வாரம் 5 நாள் ஓடுபவர், தேர்வு வரை 2 நாள் ஓடினால் போதும்.

செவ்வாய்க்கிழமை 10 நிமிடம் மெதுவாக ஓடி உடலைச் சூடேற்றிவிட்டு, 400 மீட்டரை 100 விநாடியில் 3 முறை ஓடலாம். நடுவே 2 நிமிட ஓய்வு. சனிக்கிழமை அதேபோல் சூடேற்றிவிட்டு, 1,000 மீட்டரை 4 நிமிடம் 10 விநாடியில் ஒரே ஒருமுறை. இரண்டு நாளும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

தேர்வு முடிந்ததும் விட்ட நாட்களுக்கும் சேர்த்து ஓடக் கூடாது. அப்படி ஓடுபவர்களுக்குத்தான் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி வருகிறது. முதல் வாரம் 3 நாள், அடுத்த வாரம் 4 நாள், பிறகு பழைய 5 நாள் என்று ஏறுவதே பாதுகாப்பு.

காய்ச்சல் வந்தால்?

இங்கே மேலே சொன்ன கணக்கு எதுவும் செல்லாது. காய்ச்சலோடு ஓடவே கூடாது. சில வைரஸ் காய்ச்சல்களில் இதயத் தசையும் வீங்கலாம். அந்த நேரத்தில் கடுமையாக ஓடுவது ஆபத்து.

மாத்திரை போடாமலே ஒரு முழு நாளாவது காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு, முதலில் நடக்கலாம். அடுத்து மெதுவான ஓட்டம், வழக்கமான தூரத்தில் பாதி மட்டும். வேகம் கடைசியில்தான். காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பை எண்ணிப் பாருங்கள். வழக்கத்தைவிட நிமிடத்துக்கு 10 கூடுதலாக இருந்தால் இன்னும் ஒருநாள் பொறுக்கலாம். டெங்கு வந்து போனால் அசதி வாரக்கணக்கில் நீடிக்கக்கூடும்; மருத்துவர் சொன்ன பிறகே மைதானத்துக்குப் போக வேண்டும்.

நெஞ்சுவலி, படபடப்பு, தலைசுற்றல், வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறல், இதில் எது வந்தாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

திரும்பும்போது எங்கிருந்து தொடங்குவது?

இடைவெளி 2 வாரத்துக்கு மேல் போயிருந்தால் பழைய நேரத்தைப் பிடிக்க முதல் நாளே பாயக் கூடாது. ஒரு வாரம் மெதுவாக ஓடிவிட்டு, ஒருமுறை 1,500 மீட்டர் ஓடி நேரம் பார்க்க வேண்டும். 6.15 இருந்தது 6.40 ஆகியிருந்தால், சுற்றுக்கு சுமார் 107 விநாடி என்பதுதான் அன்றைய வேகம். பயிற்சி அங்கிருந்து தொடங்க வேண்டும். 7 நிமிடத்துக்குள் அப்போதும் 20 விநாடி மிச்சம் இருக்கிறது.