கேஸ் எங்கே போனது?

எங்கள் வீட்டு ஏ.சி.க்கு இரண்டு கோடையாக ஒரே வைத்தியம் நடந்தது. சித்திரை பிறந்ததும் குளிர் குறையும். மெக்கானிக் வருவார், கேஜை மாட்டுவார், ‘கேஸ் இறங்கிருச்சு சார்’ என்பார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்து கையில் ஒரு சீட்டு வரும். அதில் ‘கேஸ் சார்ஜிங் – ரூ. 2,800’ என்று ஒரே வரி இருக்கும். ஏ.சி.யில் ஓடும் கேஸ் வண்டிக்கு ஊற்றும் பெட்ரோல் மாதிரி செலவாகும் பொருள் அல்ல. மூடிய செப்புக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும் அது, குழாயில் ஓட்டை இல்லாவிட்டால் பத்து வருடமானாலும் குறையாது. ஆகவே அந்தச் சீட்டு சொல்லாமல் விட்ட விஷயம்தான் முக்கியம்: இறங்கிய கேஸ் எந்த வழியாகப் போனது?

மூன்றாம் கோடையில் வேறொரு மெக்கானிக்கை வரவழைத்தேன். முப்பது வயது இருக்கும். வந்ததும் மெஷினைத் தொடவில்லை. ‘முன்னாடி எத்தனை கிராம் போட்டாங்க சார்?’ என்று கேட்டார். எனக்குத் தெரியாது. காலையில் வந்தவர் மாலை மூன்றரைக்குத்தான் கிளம்பினார். மறுநாள் இரண்டு பக்கத்தில் ஒரு அறிக்கை வந்தது. அதைப் படித்த பிறகுதான் என் மெஷினுக்கு என்ன கோளாறு என்பதே எனக்குப் புரிந்தது.

முதல் பத்தியில் மெஷினின் அடையாளம்: ஒன்றரை டன் ஸ்பிளிட், இன்வெர்ட்டர், வயது ஆறு, கேஸ் ஆர்-32, கம்பெனி தகட்டில் அச்சிட்ட அளவு 950 கிராம். அடுத்து என் புகார், நான் சொன்ன வார்த்தையிலேயே: ‘இரண்டு மணி நேரம் ஓடினாலும் அறை குளிரவில்லை.’ இதற்குப் பிறகு பக்கம் இரண்டு கட்டங்களாகப் பிரிந்திருந்தது. ஒன்றின் தலைப்பு ‘பார்த்தது’, மற்றதன் தலைப்பு ‘நினைப்பது’. கருவி காட்டியதெல்லாம் முதல் கட்டத்தில், அவர் ஊகித்ததெல்லாம் இரண்டாவதில். இந்தத் தொழிலில் இப்படிப் பிரித்து எழுதுபவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

‘பார்த்தது’ கட்டத்தின் முதல் வரி ஃபில்டரைப் பற்றியது. ஃபில்டரைக் கழுவி மாட்டிய பிறகே மற்ற அளவுகளை எடுத்ததாக எழுதியிருந்தார். காரணம் உண்டு. தூசி அடைத்துக் காற்று சரியாகப் போகாவிட்டாலும் குளிர் குறையும், கேஜில் முள்ளும் இறங்கும். அந்தச் சந்தேகத்தை முதலில் கழித்துவிட வேண்டும். பிறகு மெஷினை 16 டிகிரியில் வைத்துக் கால் மணி நேரம் ஓடவிட்டு, உள்ளே போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் அளந்திருக்கிறார். போவது 31 டிகிரி, வருவது 26. நன்றாக இருக்கும் மெஷினில் இந்த வித்தியாசம் பத்து டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். எங்களுடையதில் ஐந்துதான்.

மூடியைக் கழற்றி இன்டோர் காயிலைப் படம் எடுத்து அறிக்கையோடு இணைத்திருந்தார். கேஸ் நுழையும் பக்கத்தில் மூன்று நான்கு குழாய் வரிசையில் மட்டும் வெள்ளையாக உறைபனி. மற்ற இடமெல்லாம் ஈரம்கூட இல்லாத காய்ந்த தகடு. காயிலுக்குள் திரவமாக நுழையும் கேஸ் கொதித்து ஆவியாகும்போதுதான் அறையின் வெப்பத்தை இழுக்கிறது. திரவம் குறைவாக இருந்தால் முதல் சில வரிசையிலேயே எல்லாம் ஆவியாகிவிடும், மிச்சக் காயில் சும்மா நிற்கும். கேஜில் அழுத்தம் 70 பி.எஸ்.ஐ. ஆர்-32 அந்த அழுத்தத்தில் மைனஸ் 10 டிகிரியில் கொதிக்கிறது. அதனால்தான் தொடக்கத்தில் பனி பிடித்தது. சாதாரணமாக 115 முதல் 140 வரை இருந்திருக்க வேண்டும். ஃபில்டர் அடைப்பாக இருந்திருந்தால் பனி காயில் முழுக்கப் பரவியிருக்கும். ‘பனி ஒரு ஓரத்தில் மட்டும் இருப்பதால் கேஸ் குறைவு என்று கொள்கிறேன்’ என்று இரண்டாவது கட்டத்தில் எழுதியிருந்தார்.

அதோடு நிற்கவில்லை. மெஷினில் இருந்த கேஸை ஒரு காலி சிலிண்டருக்கு உறிஞ்சித் தராசில் வைத்திருக்கிறார். 410 கிராம். இருக்க வேண்டியது 950.

எடை போட்டது ஏன் என்பதற்குச் சமையலறையில் உதாரணம் இருக்கிறது. அடுப்பு சிலிண்டர் முக்கால்வாசி தீர்ந்த பிறகும் தீ அதே வேகத்தில்தான் எரியும். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருக்கும் வரை அழுத்தம் குறையாது. அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை. எவ்வளவு கேஸ் இருக்கிறது என்பதை அதில் படிக்க முடியாது. நிறுத்தி வைத்த ஏ.சி.யும் அப்படியே. 30 டிகிரி வெயிலில் அதன் கேஜ் 265 பி.எஸ்.ஐ. அளவில் காட்டும். உள்ளே 950 கிராம் இருந்தாலும் அதே முள், 410 இருந்தாலும் அதே முள். மெஷின் ஓடாதபோது கேஜைக் காட்டி ‘கேஸ் ஃபுல்லா இருக்கு’ என்று ஒருவர் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. இன்வெர்ட்டர் மெஷினில் கம்ப்ரசரின் வேகமே கூடிக் குறைவதால், ஓடும்போது பார்க்கும் அழுத்தத்தையும் தனியாக நம்ப முடியாது. தராசு இந்தக் குழப்பத்துக்கு இடம் கொடுக்காது. கேஸை உறிஞ்சி எடுக்கும் மெஷின் விலை கூடியது என்பதால் பலர் குழாயைத் திறந்து காற்றில் விட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தவரின் அறிக்கையில் இந்த எண் இருக்கவே முடியாது.

கேஸ் குறைவு உறுதியான பிறகு ஓட்டையைத் தேடும் வேலை. குழாய்க்குள் நைட்ரஜனை 400 பி.எஸ்.ஐ. வரை ஏற்றி மூடியிருக்கிறார். அரை மணி நேரத்தில் 380. இங்கே ஒரு குறுக்குக் கேள்வியை அவரே கேட்டுப் பதிலும் எழுதியிருந்தார். அறை குளிர்ந்தாலும் நைட்ரஜனின் அழுத்தம் இறங்குமே? இறங்கும், ஆனால் ஒரு டிகிரிக்கு ஒன்றரை பி.எஸ்.ஐ.க்கும் குறைவாக. இருபது இறங்க வேண்டுமானால் அறை பதினைந்து டிகிரி போலக் குளிர்ந்திருக்க வேண்டும். அந்த அரை மணியில் ஒரு டிகிரிகூட மாறவில்லை. ஆகவே கசிவுதான்.

எங்கே? இணைப்பு நட்டுகளில் சோப்பு நுரை தடவியதில் குமிழி வரவில்லை. பெரும்பாலும் அங்கேதான் கசியும், நட்டை இறுக்கினால் தீரும் என்பதால் முதல் பார்வை அதற்கு. பிறகு இன்டோரைக் கழற்றி, குழாயின் முனையை அடைத்து, குழாயையும் அவுட்டோரையும் சேர்த்து ஒரு மணி நேரம் சோதித்ததில் 400 அசையவில்லை. இன்டோர் காயிலைத் தனியாக ஏற்றி நுரை தடவியதில், ஓரத்து வளைவுக்குப் பக்கத்தில் இரண்டு இடத்தில் குமிழி. அதற்கும் படம்.

‘நினைப்பது’ கட்டத்தில் இதற்கு மேல் இரண்டே வரி. ‘குமிழி வந்த இடத்தைச் சுற்றிச் செம்பு கறுத்திருக்கிறது. அரிப்பாக இருக்கலாம், கண்ணால் பார்த்து உறுதி சொல்ல முடியாது.’ அந்த அறையில் ஏ.சி. மாட்டிய வருடமே பிளைவுட் அலமாரி செய்தோம். புது மரப்பலகையின் பசையிலிருந்தும் சில துடைப்புத் திரவங்களிலிருந்தும் கிளம்பும் ஃபார்மிக், அசிட்டிக் அமில ஆவி, ஈரத்தோடு சேர்ந்து செம்பைத் துளைக்கும். எறும்புப் புற்று மாதிரி உள்ளுக்குள் கிளை பிரிந்து போகும் துளை அது. ஆங்கிலத்தில் அதற்கு எறும்புப் புற்றின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்த வகைதானா என்று தெரிய வேண்டுமென்றால் குழாயை அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அலமாரிதான் குற்றவாளி என்று முடிவுகட்ட என் மனைவிக்கு அது தேவைப்படவில்லை. மெக்கானிக் அந்தப் பக்கம் போகவில்லை.

அடுத்து வழிகளும் விலைகளும். மூன்று வழி எழுதி, ஒவ்வொன்றின் கீழும் அது எதைத் தீர்க்காது என்பதையும் சேர்த்திருந்தார். முதல் வழி கேஸ் மட்டும் நிரப்புவது, ரூ. 2,900. ஓட்டை அப்படியே இருக்கும். எத்தனை நாள் தாங்கும் என்று நான் போனில் கேட்டேன். ‘சொல்ல முடியாது சார். போன வருசம் எடை பார்க்காம போட்டிருக்காங்க. ஆரம்பத்துல எவ்வளவு இருந்துச்சுன்னு தெரியாம, எவ்வளவு வேகமா போகுதுன்னு எப்படிச் சொல்றது?’ அவர் முதலில் கேட்ட கேள்வியின் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது.

இரண்டாவது, அந்த இரண்டு துளையையும் பிரேசிங் வைத்து அடைப்பது. கேஸோடு சேர்த்து ரூ. 4,600. வளைவுக்குப் பக்கத்தில் இருப்பதால் தீயைக் காட்ட இடம் இருக்கிறது. ஆனால் அரிப்பாக இருந்தால் இன்னும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வரிசையில் காத்திருக்கும். அதனால் வாரண்டி முப்பது நாள் மட்டும்.

மூன்றாவது, புதுக் காயில். ரூ. 11,500. இதை மட்டும் பிரித்துக் காட்டியிருந்தார்: காயில் 7,200, கேஸ் 950 கிராம் 1,600, நைட்ரஜன் சோதனையும் வேக்கமும் 700, கூலி 2,000. பொருள் வர பத்து நாள், காயிலுக்கு ஒரு வருட வாரண்டி. சோதனைக்கு வாங்கிய ரூ. 900, வேலையை அவரிடமே கொடுத்தால் கழிக்கப்படும், கொடுக்காவிட்டால் இல்லை. கழற்றிய பழைய காயில் வாடிக்கையாளருக்கே.

கடைசியில் உறுதி தர முடியாத ஒன்றையும் எழுதியிருந்தார். கம்ப்ரசருக்குள் சூடு ஏறாமல் பார்த்துக்கொள்வது திரும்பி வரும் குளிர்ந்த கேஸ்தான். இரண்டு கோடை கேஸ் குறைவாக ஓடியதில் அதற்கு எவ்வளவு தேய்மானம் என்று வெளியிலிருந்து அளக்க வழியில்லை. இன்று இழுக்கும் கரன்ட் சரியாக இருக்கிறது, அவ்வளவுதான் தெரியும். புதுக் காயில் போட்டு ஆறு மாதத்தில் கம்ப்ரசர் போனால் 11,500 வீண். அந்த ஆபத்தை ஏற்பதா, நாற்பதாயிரம் போல ஆகும் புது மெஷினுக்குப் போவதா என்பதை நாங்கள் தீர்மானிக்க வேண்டும். அவரைக் கேட்டால் காயில் என்பார். மெஷினுக்கு வயது ஆறுதான், அவுட்டோரில் கசிவு இல்லை என்று காரணமும் எழுதியிருந்தார்.

எங்கள் வீட்டில் ஒரு நாள் விவாதம் நடந்தது. நான் பிரேசிங் பக்கம் சாய்ந்தேன். முப்பது நாள் வாரண்டி என்ற வரியை என் மனைவி விரலால் காட்டினாள். காயிலுக்குச் சொல்லிவிட்டோம்.

வேலை முடிந்த அன்று அறிக்கையில் இன்னும் ஐந்தாறு வரி சேர்ந்தன. வேக்கம் 500 மைக்ரானுக்கு இறங்கி நின்றது, தராசில் 950 கிராம் போட்டது, ஓடும்போது அழுத்தம் 122, உள்ளே போகும் காற்று 29, வருவது 17. அந்தத் தாளை ரிமோட் வைக்கும் இழுப்பறையில் போட்டு வைத்தேன். அடுத்த சித்திரையில் இருநூறு ரூபாய்க்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, ஃபில்டரைக் கழுவி, கால் மணி நேரம் ஓடவிட்டு நானே வைத்துப் பார்த்தேன். போவது 30, வருவது 18.