ஒரேயடியாக மாற்றுவதா, கொஞ்சம் கொஞ்சமாகவா?

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கான ஒரு சிறு அப்டேட்டை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியது. கோளாறு தெரிந்து, அனுப்பிய 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கிவிட்டன. இனி இத்தகைய அப்டேட்டை முதலில் சிலருக்கு மட்டும் அனுப்பிப் பார்ப்போம் என்று பிறகு அறிவித்தார்கள்.

அதுதான் கேனரி முறை. அதற்கு மாற்று, புளூ-கிரீன். ஒரே மாதிரியான இரண்டு சர்வர் தொகுதிகள் இருக்கும். ஒன்றில் பழைய பதிப்பு ஓடிக்கொண்டிருக்க, மற்றதில் புதியதை நிறுவிச் சோதித்துவிட்டு, வரும் போக்குவரத்து முழுவதையும் லோடு பேலன்சர் வழியாக அந்தப் பக்கம் திருப்பிவிடுவார்கள். சிக்கல் வந்தால் நொடிகளில் பழையதற்கே திரும்பலாம். ஆனால் சோதனையில் அகப்படாத பிழை, திருப்பிய கணமே எல்லோரையும் தாக்கும்.

ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாத பணப் பரிமாற்றச் சேவையில் கேனரி எப்படி வேலை செய்யும் என்று பார்ப்போம். நொடிக்கு 1,000 கோரிக்கைகள் வருகின்றன. அவற்றில் ஒரு சதவீதம் மட்டும் புதிய பதிப்புக்குப் போகிறது. பத்து நிமிடத்தில் அதற்கு 6,000 கோரிக்கைகள் வந்திருக்கும். வழக்கமாக ஆயிரத்துக்கு ஒன்று தோற்கும் என்றால், ஆறு தோல்விகள் இயல்பு. அறுபது வந்தால் பிழை நிச்சயம், நிறுத்திவிடலாம். ஆனால் மொத்தச் சேவையின் கணக்கைப் பார்ப்பவருக்கு 600 தோல்விகள் 654 ஆனதாக மட்டுமே தெரியும். யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். புதிய பதிப்பின் கணக்கைத் தனியே பிரித்துப் பார்க்காவிட்டால் கேனரியால் ஒரு பயனும் இல்லை.

இரண்டு முறைகளையும் ஒருசேரக் கவிழ்ப்பது டேட்டாபேஸ். சர்வர்கள் இரண்டாக இருந்தாலும் டேட்டாபேஸ் பெரும்பாலும் ஒன்றுதான். புதிய பதிப்பு `phone` என்ற பத்தியின் பெயரை `mobile` என்று மாற்றிவிட்டால், பழைய பதிப்பு அந்த நொடியே உடையும். திரும்பிப் போகவும் வழியில்லை. ஆகவே முதலில் புதுப் பத்தியைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். அடுத்து இரண்டிலும் எழுதும் பதிப்பை வெளியிட்டு, பழைய தரவை நகலெடுக்க வேண்டும். பிறகே புதியதிலிருந்து படிக்கலாம். பழையதை யாரும் தொடவில்லை என்று உறுதியான பின்புதான் நீக்க வேண்டும். சலிப்பான வேலைதான், குறுக்கு வழி கிடையாது.

பணம் புழங்கும் சேவைக்கு என் தேர்வு கேனரிதான். ஒரு சதவீதத்திலிருந்து எதையும் கணிக்க முடியாத அளவுக்குக் கோரிக்கைகள் குறைவாக வரும் இடத்துக்கோ, இரு பதிப்புகளும் ஒரே நேரத்தில் பயனர்களுக்குச் சேவை தர முடியாத இடத்துக்கோ புளூ-கிரீன் பொருந்தும். எதைத் தேர்ந்தெடுத்தாலும், மாற்றிய டேட்டாபேஸில் பழைய பதிப்பு ஓடுகிறதா என்று முதலில் ஓட்டிப் பாருங்கள். ஓடவில்லை என்றால் வெளியீட்டைத் தள்ளிவையுங்கள்.