பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு எத்தனை பெட்டி?

என் வீட்டுப் படுக்கையறை 12 அடி நீளம், 10 அடி அகலம். மொத்தம் 120 சதுர அடி. சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 132. இரண்டுக்கு இரண்டு டைல்ஸ், பெட்டிக்கு நான்கு. கடைக்காரர் ஒன்பது பெட்டி போட்டுக் கொடுத்தார். இரண்டாம் நாள் மதியம் மேஸ்திரி வேலையை நிறுத்தினார். "இன்னும் ரெண்டு பெட்டி வேணும் சார்."

கணக்கு எங்கே தவறியது? இரண்டடி டைல் என்கிறோமே, அது உண்மையில் 60 சென்டிமீட்டர்தான். இரண்டடிக்கு ஒரு சென்டிமீட்டர் குறைவு. அறையின் நீளம் 366 சென்டிமீட்டர். ஆறு டைல் வரிசையாகப் போட்டால் ஓரத்தில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு பட்டை மிஞ்சும். அதை வெட்டும்போதே பாதி உடையும், ஒட்டினாலும் பார்க்க நன்றாயிராது. நல்ல மேஸ்திரி அதனால் நடுவிலிருந்து தொடங்குவார். நடுவில் ஐந்து முழு டைல், இரு ஓரத்திலும் 33 சென்டிமீட்டர் துண்டு. ஒரு டைலில் அப்படி இரண்டு துண்டு எடுக்க முடியாது. ஆகவே நீளவாக்கில் ஏழு, அகலவாக்கில் இதே கதையாக ஆறு: மொத்தம் 42 டைல். கதவு நிலைக்கு அடியில், சுவரின் கனத்துக்கு இன்னொன்று. வாங்கியதோ 36.

வெட்டி மிஞ்சிய 27 சென்டிமீட்டர் துண்டுகள் வீணாகவில்லை. நாலு அங்குல ஸ்கர்ட்டிங்குக்கு அவையே போதும். சுற்றளவு 44 அடியில் கதவுக்கு மூன்றடி கழித்தால் 41 அடி. ஓரத்து டைல் 22. ஒவ்வொன்றின் மிச்சத்திலும், வெட்டுப்படாத விளிம்போடு இரண்டடிக்குச் சற்றுக் குறைவான ஒரு பட்டை கிடைக்கும். சேர்த்தால் 43 அடி.

சுவருக்குக் கழிப்பது இன்னும் எளிது. 44 அடியைப் பத்தடி உயரத்தால் பெருக்கினால் 440. கதவு 21, ஜன்னல் 16 போக 403 சதுர அடி. பெயின்ட் குறைந்தால் பழைய டப்பா தீருமுன் புதியதை அதில் கலந்து அடித்துவிடலாம். டைல்ஸைக் கலக்க முடியுமா?

என் பயமெல்லாம் இதில்தான். ஒவ்வொரு பெட்டியின் மேலும் பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் அச்சாகியிருக்கும். டிசைன் ஒன்றாக இருந்தாலும், வேறு பேட்சில் சுட்ட டைல் நிறத்தில் ஒரு சாயல் மாறும். அளவிலும் மயிரிழை வித்தியாசம் வரும். பிறகு வாங்கிய இரண்டு பெட்டியில் எனக்கு அதுதான் நடந்தது. கடையில் கையில் வைத்துப் பார்த்தபோது தெரியவில்லை. தரையில் பதித்து, ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்ததும் பளிச்சென்று தெரிந்தது.

பத்து சதவீதமே போதும் என்பவர்களும் உண்டு. பெரிய கூடத்தில் அது சரியாகவும் வரலாம். சின்ன அறைக்கு நான் கட்டம் போட்ட தாளில் டைலை வரைந்து, மேஸ்திரியிடம் காட்டி எண்ணச் சொல்வேன். 43 வந்தால் 11 பெட்டி. பின்னால் ஒன்று உடைந்தால் மாற்ற இன்னொரு பெட்டி. பன்னிரண்டிலும் பேட்ச் எண் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும்.

வேறு சாயல் டைல்கள் இப்போது என் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. கட்டிலை நகர்த்த வீட்டில் யாருக்கும் அனுமதி இல்லை.