சம்ப்புக்குள் ஆள் இறங்கும் முன்

ராஜபாளையம் அடுக்குமாடிகளில் மொட்டைமாடித் தொட்டியைவிடத் தரைக்கடியில் இருக்கும் சம்ப்தான் ஆபத்தானது. ஒரே ஒரு சின்ன மூடி, காற்றோட்டம் கிடையாது. நெடுநாள் மூடிக் கிடந்த சம்ப்பில் ஆக்சிஜன் குறைந்திருந்தால் அது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. இறங்கியவர் மயங்கி விழுவார். தூக்கப் பதறி இறங்கும் இரண்டாவது ஆளும் அங்கேயே சாய்வார்.

இன்னோர் ஆபத்தை நாமே உள்ளே அனுப்புகிறோம். போர் தண்ணீரால் படிந்த உப்புக்கறையைப் போக்க ஆசிட் ஊற்றித் தேய்த்துவிட்டு, அது முழுதாகக் கழுவப்படும் முன்பே பிளீச்சிங் பவுடரைத் தூவுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமான அந்த வாயு மேலே போகாது, ஆள் நிற்கும் அடித்தளத்திலேயே தேங்கும். ஆசிட் கேனோடு வருபவரைச் சம்ப்புக்குள் விடக் கூடாது.

10,000 லிட்டர் சம்ப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் வேலை மோட்டாரின் மின்சாரத்தை மெயினிலேயே அணைப்பது. பிறகு தண்ணீரை வெளியேற்றி, மூடியைத் திறந்து வைத்து, ஊதுவிசிறியால் காற்றை உள்ளே செலுத்த வேண்டும். எரியும் மெழுகுவத்தியை இறக்கிப் பார்ப்பது சோதனை ஆகாது. ஆக்சிஜன் மீட்டர் 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் யாரும் இறங்கக் கூடாது. இறங்குபவர் இடுப்பில் கயிறு, அதன் மறுமுனையைப் பிடித்தபடி வெளியே இன்னொருவர். பெட்ரோல் பம்பை உள்ளே இறக்கினால் அதன் புகையே ஆளைக் கொன்றுவிடும். தேய்த்துக் கழுவி, சகதியை அள்ளிய பின் தொட்டியை நிரப்பி, 40 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் காத்திருந்தால் போதும்.

"அப்படியே செப்டிக் டேங்கையும் பாத்துருங்கண்ணே" என்று அதே ஆட்களிடம் சொல்லும் வழக்கம் நிற்க வேண்டும். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் அதற்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். சம்ப்பிலும் அலட்சியத்தால் உயிர் போனால் பாரதிய நியாய சம்ஹிதா 106-ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை தண்டனை உண்டு. ஆளைக் கூப்பிட்டவர்கள் மீதும் வழக்குப் பாயலாம்.

காசு வாங்கிக்கொண்டு அரைகுறையாகச் சுத்தம் செய்தால்? ரசீது, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தின் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றைச் சேர்த்து வைத்து, நிறுவனத்துக்கு எழுத்து மூலம் புகார் அனுப்ப வேண்டும். பதில் இல்லையென்றால் நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைக்கலாம். விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்கு மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமும் இல்லை. 2 ஆண்டுகளுக்குள் மனுப் போட வேண்டும். பணம் குடியிருப்போர் சங்கக் கணக்கிலிருந்து போயிருந்தாலும், அந்தத் தண்ணீரைக் குடிக்கும் வீட்டுக்காரர் சேவையின் பயனாளி என்ற முறையில் தன் பெயரிலேயே மனுக் கொடுக்கலாம்.